தன்னானேவை என்ன செய்வது?

நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் தொடக்கத்தில் ‘தன்னானே தானே’ என்றோ ‘ஏலேலோ’ என்றோ ஒருமுறை அச்சிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் இருபது, முப்பது அடிகளில் அந்த வரி இருக்காது. பாடியவர் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் அதைப் பாடியிருப்பார். காகிதத்தை மிச்சம் பிடிக்கத் தொகுத்தவர் விட்டிருப்பார். பிறகு அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பாட்டை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது, மிஞ்சியிருந்த அந்த ஒற்றை வரியும் போய்விடும்.

‘அர்த்தமே இல்லாததை எப்படி மொழிபெயர்ப்பது?’ என்று மொழிபெயர்ப்பவர் கேட்பது நியாயம்தான். அந்த வரிக்கு அகராதியில் பொருள் கிடையாது. ஆனால் பாட்டுக்குள் அதற்கு வேலை இருக்கிறது. அந்த வேலை என்னவென்று தெரிந்துவிட்டால், எங்கே வைத்துக்கொள்வது, எங்கே விட்டுவிடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

மெட்டின் முழு உருவம்

தன்னானே செய்யும் முதல் வேலை, மெட்டுக்கு அளவு காட்டுவது. தமிழில் இது பழகிய விஷயம். சினிமாவில் இசையமைப்பாளர் மெட்டைத் ‘தன்ன தன்னா’ என்று பாடிக் காட்டுவார். பாடலாசிரியர் அந்த அளவுக்குள் சொற்களை உட்காரவைப்பார். அதைத் தத்தகாரம் என்பார்கள். 1980-ல் வந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில் ஸ்ரீதேவி தத்தகாரம் பாட, கமல்ஹாசன் சுடச்சுடச் சொற்களைப் போடும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டின் தலைப்பில் ‘தனன தானன’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். சந்தக் குழிப்பு என்ற அந்த வரியும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. பாட்டைப் பாடுவதற்கு முன் அதன் நடையை வாயில் ஏற்றிக்கொள்ள அது உதவுகிறது.

இந்த ஒலிகளுக்குள் கணக்கு ஒளிந்திருக்கிறது. ‘த’ என்பது குறில், ஒரு மாத்திரை. ‘தா’ நெடில், இரண்டு மாத்திரை. ‘தன்’ என்று குறிலுக்குப் பின்னால் ஓர் ஒற்று வந்தால், பாட்டில் அதுவும் ஏறக்குறைய நெடிலின் இடத்தையே பிடித்துக்கொள்ளும். விளக்குவதற்காக, நடவுப் பாட்டின் அமைப்பில் நானே இரண்டு அடி கட்டியிருக்கிறேன்.

வாய்க்கா தண்ணி வந்தா ஆச்சு
தன்னன் னானே தானே னானே
நாத்து நட்டா சோறும் ஆச்சு
தன்னன் னானே தானே னானே

இரண்டாவது வரியைக் கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். தன் – னன் – னா – னே – தா – னே – னா – னே. மொத்தம் எட்டு அசை. எட்டும் ஒரே நீளம், ஒவ்வொன்றும் இரண்டு மாத்திரை. தட்டுக்கு இரண்டு அசை வீதம் நான்கு தட்டில் வரி முடிகிறது.

இப்போது முதல் வரியைப் பாருங்கள். அதிலும் எட்டு அசை இருக்கிறது. ஆனால் ‘தண்ணி’யில் வரும் ‘ணி’ குறில். ‘ஆச்சு’வில் வரும் ‘சு’வும் குறில். பேசும்போது அவை சட்டென்று முடிந்துவிடும். பாடும்போது ‘தண்ணீ’ என்றும் ‘ஆச்சூ’ என்றும் நீள வேண்டும். இல்லாவிட்டால் தட்டு தப்பும். எந்த இடத்தில் எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதைப் பாடுபவருக்குச் சொல்லிக்கொடுப்பது தன்னானே வரிதான். சொற்கள் வரும் அடியில் மெட்டு சொல்லுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கிறது. தன்னானே வரும் அடியில்தான் அது முழு உருவத்தில் தெரிகிறது. அந்த வரியை நீக்கிவிட்டுச் சொற்களை மட்டும் எழுதிவைத்தால், ஐம்பது வருடம் கழித்து அதைப் படிப்பவருக்கு மெட்டின் நீளம்கூடத் தெரியாது.

முன்பாட்டும் பின்பாட்டும்

இரண்டாவது வேலை, ஆட்களைச் சேர்ப்பது. நடவிலும் கும்மியிலும் பெரும்பாலும் ஒருவர் முன்பாட்டு பாடுவார். மற்றவர்கள் பின்பாட்டு பாடுவார்கள். முன்பாட்டுக்காரர் தன் மனத்தில் இருக்கும் நூறு அடிகளில் ஒன்றை எடுத்து விடுகிறார். சில சமயம் அந்த இடத்திலேயே புதிதாகக் கட்டுகிறார். கூட்டம் தன்னானே பாடும் அந்த நான்கு தட்டு நேரம்தான் அவருக்கு மூச்சு வாங்கக் கிடைக்கும் இடைவெளி. அடுத்த அடியை யோசிக்கவும் அதுவே நேரம். பின்பாட்டு இல்லாமல் பாடச் சொன்னால், நன்றாகப் பாடும் பாட்டிகள்கூடப் பத்து அடிக்குள் திணறிப்போவதற்கு இதுவே காரணம். மறதி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவருக்கு வேண்டிய இடைவெளியை நாம் கொடுக்கவில்லை.

பின்பாட்டில் பொருளுள்ள சொற்கள் இருந்தால் எல்லோரும் அதை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். தன்னானேவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. நேற்று வந்த பெண்ணும் இன்றைக்குச் சேர்ந்து பாடலாம். அதோடு, இந்த வரிகள் பெரும்பாலும் ஆ, ஏ, ஓ என்று வாய் திறந்தபடி முடிகின்றன. ஒற்றில் முடியும் சொல்லைப் பத்துப் பேர் சேர்ந்து பாடினால் ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார், முடிவு சிதறும். நெடில் உயிரில் முடிந்தால் அந்தச் சிறு பிசகுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே குரலாகக் கேட்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நடவுப் பாட்டு வேலையோடு சேர்ந்து நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாற்றையும் ஒவ்வொரு தட்டுக்கு ஊன்ற வேண்டும் என்ற கட்டாயம் அதில் கிடையாது. கயிறு இழுப்பது அப்படி இல்லை. பத்துப் பேரும் ஒரே கணத்தில் இழுத்தால்தான் தோணி நகரும். அங்கே ஒருவர் சொல் எடுக்க, மற்றவர்கள் ‘ஐலசா’ என்று சேர்ந்து சொல்லி இழுக்கிறார்கள். நடவில் தன்னானே ஓய்வு தருகிறது. கரையில் ஐலசா உடம்பின் பலத்தை ஒரு புள்ளியில் சேர்க்கிறது. ஒரே வகை ஒலி என்று தோன்றினாலும் இரண்டும் செய்யும் வேலை வேறு.

ஒலியின் தன்மையும் வேலைக்கு ஏற்ப மாறுகிறது. தாலாட்டின் ‘ஆராரோ’வில் மூச்சை அடைத்து நிறுத்தும் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. உயிரும் ரகரமும் மட்டுமே. குரல் எங்கும் நிற்காமல் தொட்டிலோடு போய்வருகிறது. வில்லுப்பாட்டின் ‘தந்தனத்தோம்’ இதற்கு நேர் எதிர். தகரம் ஒவ்வொன்றும் தோல்மேல் விழும் அடிபோலக் கேட்கிறது. கடைசியில் வரும் ‘தோம்’ கனமான அடியாக வந்து நிற்கிறது. மிருதங்கம் கற்றுக்கொள்பவர்கள் முதல் பாடத்தில் வாயால் சொல்லிப் பழகும் சொற்களின் குடும்பம்தான் இது.

அந்த இரண்டு அடி ஆங்கிலத்துக்குப் போனால்

மேலே கட்டிய இரண்டு அடியை ஆங்கிலத்தில் பாடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொருளை மட்டும் எடுத்துச் சொன்னால் ‘வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் போதும், நாற்று நட்டுவிட்டால் சோறும் உண்டு’ என்று ஒரு பழமொழி மாதிரி நிற்கும். யார் பாடுகிறார்கள், எத்தனை பேர், எந்த வேகத்தில் என்பதெல்லாம் தெரியாது. தன்னானேவை அளவாக வைத்துக்கொண்டால் வேறு வழி திறக்கிறது. எட்டு அசை, நான்கு தட்டு என்ற கட்டுக்குள் இப்படி எழுதலாம்:

வாட்டர் கமிங் டவுன் த சேனல்
தன்னன் னானே தானே னானே
பிளான்ட் த சீட்லிங், ரைஸ் வில் ஃபாலோ
தன்னன் னானே தானே னானே

வாட், கம், டவுன், சே என்று நான்கு அழுத்தங்கள் நான்கு தட்டில் விழுகின்றன. அடுத்த அடியிலும் அப்படியே. மெட்டு மாறவில்லை, கூட்டம் சேரும் இடமும் மாறவில்லை. இழப்பும் இருக்கிறது. இரண்டு அடியையும் கட்டிவைத்திருந்த ‘ஆச்சு’ போய்விட்டது. ‘சேனல்’ லகரத்தில் முடிவதால் கடைசி அசையை நீட்ட முடியாது. முன்னால் இருக்கும் ‘சே’யைத்தான் நீட்டிக்கொள்ள வேண்டும். ‘ஃபாலோ’ ஓகாரத்தில் முடிவதால் அந்தச் சிக்கல் அங்கே வராது. இப்படிப்பட்ட தேர்வுகளைச் செய்வதற்கே தன்னானே வரி கண்முன் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பவர் எந்த அளவுக்குச் சொல் தேடுவார்?

ஆகவே பாடுவதற்கான மொழிபெயர்ப்பு என்றால் விதி எளிது: பொருளுள்ள அடியை மொழிபெயர்க்க வேண்டும், பொருளில்லாத அடியை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒலி தமிழ்க் குழந்தைக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவுதான் ஆங்கிலக் குழந்தைக்கும் புரியும். யாருக்கும் அதில் பாரபட்சம் இல்லை.

ஆனால் எழுத்தைப் பெயர்த்துக் கொடுத்தால் மட்டும் போதாது. ‘ன்ன’ என்ற இரட்டிப்பை நிறுத்திச் சொல்லும் பழக்கம் ஆங்கிலம் பேசுபவர்களுக்குக் கிடையாது. அவர்கள் வாயில் ‘தன்னானே’ என்பது ‘டனானே’ ஆகிவிடும். முதல் அசை குறிலாகச் சுருங்கினால் தட்டு முன்னால் நகர்ந்துவிடும். அதனால் அசைகளைப் பிரித்து, இடையில் கோடு போட்டு, தட்டு விழும் எழுத்துக்கு மேல் ஒரு குறியும் இட்டுக் கொடுக்க வேண்டும். கூடவே ஒலிப்பதிவு இருந்தால் நல்லது. உச்சரிப்பு கொஞ்சம் மாறினால் பாதகம் இல்லை. நீளம் மாறக் கூடாது.

பொருளைத் திணிக்கும் தவறு

மொழிபெயர்ப்பில் அடிக்கடி நடக்கும் கெடுதல், விடுவதைக் காட்டிலும் நிரப்புவதுதான். வெற்றாக இருக்கும் வரியைப் பார்த்துப் பயந்து, ‘தோழியரே, மகிழ்ந்து பாடுங்கள்’ என்பதுபோல ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவார்கள். பாட்டு ஒப்பாரியை ஒட்டிய சோகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வோர் அடிக்கும் பின்னால் மகிழ்ச்சி வந்து குதிக்கும். தன்னானே எந்த உணர்ச்சிக்கும் சார்பு எடுப்பதில்லை. கேலிப் பாட்டிலும் அதே ஒலி, வறட்சியைப் பாடும்போதும் அதே ஒலி. முன்பாட்டில் என்ன வந்ததோ அதன் நிறத்தை அது வாங்கிக்கொள்கிறது. அதில் ஒரு பொருளைத் திணித்தால் இந்த நெகிழ்ச்சி செத்துவிடும்.

மொழிபெயர்ப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இரண்டு பேரை உட்காரவைத்து அதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் முன்பாட்டு, இன்னொருவர் பின்பாட்டு. இரண்டாவது ஆளுக்கு வாய் திறக்கவே இடம் இல்லை என்றால் பின்பாட்டைத் தொலைத்துவிட்டோம் என்று அர்த்தம். இரண்டாவது ஆள் சொல்வது முதல் ஆளுக்குப் பதில் சொல்வதுபோலவோ அறிவுரை சொல்வதுபோலவோ கேட்டால், இல்லாத பொருளைத் திணித்துவிட்டோம்.

எப்போது விடலாம்

எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. படிப்பதற்கான புத்தகத்தில் முப்பது முறை தன்னானே அச்சிட்டால் வாசகர் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுவார். முதல் நான்கு வரியை முழுதாகக் கொடுத்து, ‘இதன் பிறகும் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் கூட்டம் இதைப் பாடும்’ என்று ஒரு குறிப்பு எழுதி, கடைசியில் இன்னொரு முறை முழுதாகக் கொடுத்தால் போதும். நடுவில் ஒலி மாறினால் மாறிய இடத்தைக் காட்ட வேண்டும். பாட்டு முடியப்போகிறது, வேகம் கூடப்போகிறது என்பதையெல்லாம் சில பாடகர்கள் இந்த வரியை மாற்றித்தான் கூட்டத்துக்கு உணர்த்துவார்கள்.

வரலாறு எழுதுபவர் ஒரு பஞ்சத்தைப் பற்றிய செய்திக்காகப் பாட்டிலிருந்து இரண்டு அடி எடுத்துக்காட்டினால், அங்கே தன்னானே தேவையில்லை. அவருக்கு வேண்டியது செய்தி. திரைப்படத்தின் அடிக்குறிப்பு வசனத்திலும் அதைப் போட வேண்டாம். பார்ப்பவர் காதில் அந்த ஒலி ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறது. திரையில் எழுத்தாகவும் வந்தால், காது செய்யும் வேலையில் கண் குறுக்கிடும். அந்த வரி ஓடும் வரைக்கும் திரையின் அடியை வெறுமையாக விட்டுவிடுவதே சரி.

தாலாட்டில் இன்னொரு கேள்வி எழும். ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் தூங்கவைக்கும் ஒலிகள் அவரவர் வழக்கில் உண்டு. ஆராரோவை எடுத்துவிட்டு அவற்றைப் போடலாமா? அந்தப் பாட்டைப் பாடி ஒரு குழந்தையை உண்மையிலேயே தூங்கவைக்கப்போகிறார்கள் என்றால் போடலாம். குழந்தைக்கு அதன் வீட்டு ஒலிதான் தூக்கத்தைக் கொண்டுவரும். தமிழ்த் தாலாட்டை அறிமுகப்படுத்தும் புத்தகம் என்றால் மாற்றக் கூடாது. ஆராரோ கேட்டவுடன் தமிழ்க் காதுக்கு இது தாலாட்டு என்று தெரிவதுபோல, இரண்டு பாட்டு படித்த பிறகு வேற்றுமொழி வாசகருக்கும் தெரிந்துவிடும்.

எதிர்த் திசையிலும் இதே நியாயம்தான். கிறிஸ்துமஸ் காலத்தில் கேட்கும் ‘ஃபா லா லா’ பாட்டு வேல்ஸ் நாட்டு மெட்டு. 1862-ல் தாமஸ் ஆலிஃபன்ட் அதற்கு ஆங்கிலச் சொற்கள் எழுதினார். அதைத் தமிழில் பாடும்போது ‘லா’க்களை எடுத்துவிட்டுத் தன்னானே போட்டால், பனிக்காலத்து வீட்டுக்குள் நம் வயல்காடு நுழைந்துவிடும். ‘ஃபா லா லா’வை அப்படியே விட வேண்டும், எத்தனை ‘லா’ என்ற எண்ணிக்கையையும் மாற்றக் கூடாது.

ஒலியா, சொல்லா?

கடைசியாக ஒரு கடினமான வகை. பல்லவியில் திரும்பத் திரும்ப வருவதெல்லாம் வெற்றொலி ஆகிவிடாது. ‘கண்ணே’, ‘தங்கமே’, ‘சாமி’ எல்லாம் யாரையோ அழைக்கும் சொற்கள். பழகிப்போனதால் ஒலிபோலத் தோன்றினாலும் அவற்றை மொழிபெயர்க்கத்தான் வேண்டும். சந்தேகம் வந்தால், அந்த இடத்தில் வேறொரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘தங்கமே’ இருந்த இடத்தில் ‘மச்சானே’ என்று போட்டால் பாட்டு வேறொருவரைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. ‘தானே னானே’ இருந்த இடத்தில் ‘தானே தந்தானே’ என்று போட்டால் பொருளில் எதுவும் அசையாது. அசை கூடிவிட்டதால் தட்டு மட்டும் இடறும். முதலாவது சொல், இரண்டாவது ஒலி.

சில இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ‘ஏலேலோ’ திருவள்ளுவர் காலத்து வணிகர் ஏலேலசிங்கனின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை அழகாக இருக்கிறது. அதற்காக மொழிபெயர்ப்பில் ஒரு வணிகர் பெயரைக் கொண்டுவந்து வைக்க முடியாது. படகில் பாடுபவர் யாரும் அவரை நினைத்துப் பாடுவதில்லை. திருப்பாவையிலும் திருவெம்பாவையிலும் வரும் ‘ஏலோர்’ இன்னும் நுட்பமானது. அதைப் ‘ஏற்றுக்கொள், எண்ணிப்பார்’ என்று பிரித்துப் பொருள் சொல்பவர்களும் உண்டு. வெறும் அசைநிலை என்பவர்களும் உண்டு. நார்மன் கட்லர் 1979-ல் இந்த இரண்டு நூல்களையும் ஆங்கிலமாக்கியபோது ‘எங்கள் நோன்பை எண்ணிப்பார்’ என்ற பொருள்பட நூலுக்கே தலைப்பு வைத்தார். பொருள் உண்டு என்ற பக்கம் அவர் நின்றார். இசையை நிறைப்பதற்காக வரும் சொல்லைத் தொல்காப்பியர் இடைச்சொல் வகைகளில் ஒன்றாகவே எண்ணியிருக்கிறார். அதனால் பொருள் இல்லை என்று சொல்வது அந்தச் சொல்லுக்கு எந்தக் குறைவும் ஆகாது. இப்படி இருபக்கமும் வாதம் இருக்கும் இடத்தில் மூலத்தின் ஒலியைப் பாட்டுக்குள் வைத்துவிட்டு, பொருள் பற்றிய வாதத்தை அடிக்குறிப்பில் சொல்வதே நேர்மை.

மொத்தத்தில் என் தீர்ப்பு இதுதான். அந்த வரி காலத்தைக் கட்டுகிறது என்றாலோ ஆட்களைச் சேர்க்கிறது என்றாலோ அதைத் தொடக் கூடாது. பக்கத்தை நிரப்ப மட்டும் திரும்ப வருகிறது என்றால் குறைக்கலாம், குறிப்பு எழுதிவிட்டுக் குறைக்கலாம். பொருளை நிரப்புவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

இதற்கெல்லாம் அடிப்படை, தொகுக்கும்போதே அந்த வரி பதிவாகியிருப்பது. உங்கள் வீட்டிலோ ஊரிலோ பழைய பாட்டு தெரிந்தவர் யாராவது இருந்தால், கைபேசியில் பதிவுசெய்யும்போது அவரைத் தனியாகப் பாடச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இரண்டு பேரை உட்காரவைத்துப் பின்பாட்டு பாடச் சொல்லுங்கள். ‘தன்னானே எல்லாம் வேண்டாம், பாட்டை மட்டும் சொல்லுங்க பாட்டி’ என்று அவசரப்படுத்தாதீர்கள். எழுதிவைத்தால், எந்த அடிக்குப் பின்னால் எந்த ஒலி, அதை யார் பாடினார்கள், எத்தனை முறை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சொற்களை நாளைக்கு வேறொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மெட்டின் அளவு அந்தத் தன்னானேவில்தான் இருக்கிறது.